இரண்டு கைப்பேசிகள்: கம்பம் பள்ளத்தாக்கில் கல்லூரிச் சேர்க்கை விளம்பரம்

தேனி மாவட்டத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் ஒரே வீட்டிலுள்ள இரண்டு கைப்பேசிகளுக்குக் கல்லூரி விளம்பரம் வருகிறது. மாணவியின் இன்ஸ்டாகிராமில் வளாகத்தையும் கலைவிழாவையும் காட்டும் ரீல்ஸ் ஓடுகிறது. அம்மாவின் வாட்ஸ்அப்பில் பாடப்பிரிவுகள் வரிசையாக அச்சிட்ட போஸ்டர் வந்து விழுகிறது. இரண்டையும் அனுப்புவது ஒரே நிர்வாகம்தான். பல நேரங்களில் இரண்டையும் தயாரிப்பது ஒரே ஆள். ஆனாலும் அவை ஒரே கல்லூரியைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுவதில்லை. இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

மழலையர் வகுப்புச் சேர்க்கையில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே முடிவெடுப்பவர் பெற்றோர் மட்டுமே. கல்லூரிச் சேர்க்கையில் முடிவு இரண்டாகப் பிரிகிறது. என்ன படிப்பது, எந்தத் தோழியோடு சேர்வது என்பதை மாணவர் தீர்மானிக்கிறார். எவ்வளவு தொலைவு, எந்தப் பஸ், விடுதியா வீடா, பணத்தை எத்தனை தவணையில் கட்டுவது என்பவை பெற்றோரின் கையில் இருக்கின்றன. முன்பு இந்த இரண்டாவது பகுதியில் பெரிய குழப்பம் இருந்ததில்லை. உத்தமபாளையத்தில் 1956 முதல் இயங்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, பெரியகுளத்தில் 1971-இல் தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி போன்ற சில பெயர்களை ஊரே அறிந்திருந்தது. அண்ணனோ அத்தையோ அங்கே படித்திருப்பார்கள். பின்னர் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. 2022-இல் மதுரை ரயில் தேனிக்கும், 2023-இல் போடிநாயக்கனூருக்கும் மீண்டும் வந்தபோது மதுரைக் கல்லூரிகளும் பெற்றோரின் கணக்கில் சேர்ந்தன. தேர்வு செய்ய வேண்டியவை கூடக்கூட விளம்பரமும் கூடியது.

பள்ளத்தாக்கின் வேலை நேரத்தை அந்த விளம்பரம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களிலிருந்து ஏராளமான பெண்கள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் மலையேறுகிறார்கள். விடியுமுன் ஜீப் வந்துவிடும். கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாகப் போய்ப் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். தோட்டத்தின் பல பகுதிகளில் சிக்னல் கிடைக்காது. வீடு திரும்பி அடுப்பு வேலை முடிந்து அம்மா கைப்பேசியை எடுக்க இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். கல்லூரி அலுவலகமோ காலை பதினொரு மணிக்குப் பதிவு போட்டு, மாலை ஐந்து மணிக்கு விசாரணை எண்ணை அணைத்துவிடுகிறது. அம்மா அழைக்கும் நேரத்தில் எடுக்க ஆளில்லை. அலுவலகம் திருப்பி அழைக்கும் நேரத்தில் அவர் மலையில் இருக்கிறார். மே மாதத்தில் இன்னொன்றும் குறுக்கிடும். சித்திரை இறுதியில் நடக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் தேர்வு முடிவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. அந்த நாட்களில் குடும்பமே ஊரில் கூடியிருக்கும். சித்தப்பா, மாமா எல்லோரும் படிப்பைப் பற்றி வாய் திறப்பார்கள். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வேளை ஆண்டில் வேறில்லை. ஆனால் அப்போது வருபவை திருவிழா வாழ்த்துப் போஸ்டர்கள்தான்.

நாட்காட்டியை நம்பித் திட்டம் போடுவதன் ஆபத்து 2025-இல் தெரிந்தது. மே 9 என்று அறிவிக்கப்பட்டிருந்த பிளஸ் டூ முடிவு மே 8 அன்றே வந்துவிட்டது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் அதற்கும் முந்தைய நாளே திறந்து, மே 27 வரை நடந்தது. தேதியைப் பார்த்துப் பதிவுகளை அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் பறிபோனது. முடிவு வந்த நாள், மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த நாள், அரசுக் கல்லூரி கலந்தாய்வு நடந்த நாள் என நிகழ்வுகளோடு பதிவுகளைக் கட்டிவைப்பதே சரியான முறை. ஒவ்வொரு நிகழ்வின்போதும் வீட்டில் எழும் கேள்வியும் வேறாகிறது.

கைப்பேசி வழி விளம்பரத்தால் விளைந்த நன்மை உண்மையானது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பெண், தான் உட்காரப் போகும் ஆய்வகத்தையும் நூலகத்தையும் கழிப்பறையையும்கூட, வாசலை மிதிப்பதற்கு முன்பே பார்த்துவிட முடிகிறது. சின்னமனூரிலிருந்து போய்ப் படிக்கும் அக்கா ஒருத்தி தன் ஊர்ப் பேச்சில் ஒரு நிமிடம் பேசும் ரீல்ஸ், விளம்பர நிறுவனம் எடுத்துத் தரும் டிரோன் காட்சியைவிட அதிகம் நம்பப்படுகிறது. கோவை, சென்னை நிறுவனங்களின் முழுப்பக்க நாளிதழ் விளம்பரத்துக்கு ஈடுகொடுக்க முடியாத சிறு கல்லூரிக்கும் இதற்குக் கைப்பேசி ஒன்று போதும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸின் பங்கு வெளியே அதிகம் தெரிவதில்லை. இன்ஸ்டாகிராமில் மாணவர்கள் மாணவர்களோடு இருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் பெரியவர்கள் பெரியவர்களோடு. இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவி வைக்கும் ஸ்டேட்டஸை அவளுடைய தோழிகளும் பார்க்கிறார்கள், பெரியம்மாவும் பார்க்கிறார், பெரியம்மாவோடு ஜீப்பில் போகும் பெண்ணுக்கும் அது காட்டப்படுகிறது. இரண்டு தலைமுறையும் ஒரே பதிவைப் பார்க்கும் இடம் இது ஒன்றுதான். கட்டண விளம்பரத்தால் இந்த நெருக்கத்தை வாங்க முடியாது.

கட்டண விளம்பரத்துக்கு வேறு எல்லைகளும் உண்டு. பிளஸ் டூ முடிக்கும் மாணவருக்குப் பொதுவாக வயது பதினேழு. பதினெட்டுக்குக் கீழுள்ளவர்களை வயது, இருப்பிடம் ஆகிய இரண்டை மட்டும் கொண்டே விளம்பரதாரர் குறிவைக்க முடியும் என்று மெட்டா நிறுவனம் 2023-இல் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் விதி வைத்தது. எனவே ‘வணிகவியலில் ஆர்வமுள்ள மாணவிகள்’ என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. மிஞ்சுவது வரைபடத்தில் ஒரு வட்டம். கம்பத்தை மையமாக வைத்து 25 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் அதில் ஒரு பகுதி மலையேறி இடுக்கிக்குள் போய்விடும். மலையாளக் குடும்பங்களுக்குத் தமிழ் விளம்பரம் ஓடிப் பணம் கரையும். அந்தப் பகுதியை வெட்டிவிடுவதும் சரியன்று. தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்யும் தமிழ்ப் பெற்றோர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். மாணவருக்கான விளம்பரத்தைப் பள்ளத்தாக்கோடு நிறுத்தி, பெற்றோருக்கான தமிழ் விளம்பரத்தை மட்டும் மலைக்கு மேலும் விடுவது பொருத்தம்.

சட்டமும் இதே திசையில் நகர்கிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. எங்கிருந்தோ வாங்கிய எண் பட்டியலை வைத்து முடிவு வந்த ஒரு மணி நேரத்திலேயே அழைக்கும் பழக்கம் இனி வெறும் தொல்லையாக மட்டும் இராது. அப்படிப்பட்ட அழைப்பு பெற்றோரிடம் முதலில் எழுப்புவது ஆர்வமன்று, ‘எங்க நம்பர் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சது?’ என்ற சந்தேகம்.

முறை எங்கே உடைகிறது என்பதை ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். கம்பத்துக்கு அருகில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவி பி.காம். சேர விரும்புகிறாள். ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘ஃபீஸ் எவ்வளவு?’ என்று இன்ஸ்டாகிராமில் கேட்கிறாள். ‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று பதில் வருகிறது. எண்ணைத் தந்தவுடன் அம்மாவின் வாட்ஸ்அப்புக்குப் போஸ்டர் போகிறது: இருபது பாடப்பிரிவுகள், தாளாளர் படம், ஆறு தொலைபேசி எண்கள். பெரிதாக்கிப் பார்த்தாலும் கட்டணம் இல்லை. அம்மா அதை டியூஷன் மாஸ்டருக்கு ஃபார்வேர்டு செய்கிறார். மாஸ்டர் தனக்குத் தெரிந்த வேறு கல்லூரியைச் சொல்கிறார். ரீல்ஸ் வேலை செய்தது. அதற்கு அடுத்த படி சறுக்கிவிட்டது.

அதே இடத்தில் ஒரு நிமிடக் குரல் பதிவு, இரவு எட்டரை மணிக்கு, மாணவி வழியாகவே அம்மாவுக்குப் போயிருந்தால் கதை மாறியிருக்கும். அதில் நான்கு செய்திகள் போதும்: ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவை எத்தனை தவணையில் கட்ட வேண்டும், பஸ் எந்த ஊர் விலக்கில் எத்தனை மணிக்கு நிற்கும், இடம் அரசு உதவி பெறும் பிரிவிலா சுயநிதிப் பிரிவிலா, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற எந்தச் சான்றுகளைக் கொண்டுவர வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த மாணவிகளுக்கு உரியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. தனக்குச் செலவில்லாத இந்தச் செய்தியைக் கல்லூரி போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் வைப்பது விந்தை.

நான்கில் மூன்றாவதுதான் அதிகம் மறைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் நடக்கின்றன. கட்டணம் வெகுவாக வேறுபடும். ‘அரசு உதவி பெறும் கல்லூரி’ என்று போஸ்டரின் தலைப்பில் போடுவது பொய்யில்லை. ஆனால் நிரம்பாமல் இருப்பது சுயநிதி இடங்களாக இருந்தால், அந்த விளம்பரம் செய்வது திசைதிருப்பல்தான்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. மாணவருக்குக் கலைவிழா, நண்பர்கள், விருப்பப்படி உடை; பெற்றோருக்கு சிசிடிவி, சீருடை, வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி. இரண்டு வாக்குறுதிகளும் ஒரே வளாகத்தில் ஒன்றாக நிறைவேற முடியாது. கேட்பவருக்குத் தகுந்தபடி சொல்வது விளம்பரத்துறையின் பாலபாடம் என்று இதற்கு நியாயம் சொல்லப்படுகிறது. சோப்புக்கு அது பொருந்தலாம். இங்கே கேட்கும் இருவரும் ஒரே கூரையின் கீழ் மூன்று ஆண்டுகள் அந்த முடிவோடு வாழ வேண்டியவர்கள். யாரோ ஒருவர் ஏமாந்தது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அதன் பலனை அடுத்த ஆண்டு அதே தெருவில் கல்லூரி அனுபவிக்கும். மாணவருக்குப் போகும் பதிவைப் பெற்றோரிடமும், பெற்றோருக்குப் போவதை மாணவரிடமும் தயங்காமல் காட்ட முடிகிறதா என்பதே இதற்கான உரைகல்.

அளவிடுவதிலும் ஏமாற்றம் நேர்கிறது. ஒரு ரீல்ஸ் ஐம்பதாயிரம் முறை பார்க்கப்பட்டது என்றால், பார்த்தவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அங்கே படிப்பவர்களாகவும் பழைய மாணவர்களாகவும் இருக்கலாம். சேர்க்கை மேசையில் இரண்டே கேள்விகள் இதைவிட அதிகம் சொல்லும்: முதலில் யார் கேள்விப்பட்டது, கடைசியில் யார் சரி என்றது. பதில்களை ஊர்வாரியாகப் பிரித்தால், விசாரணை மட்டும் வந்து சேர்க்கை வராத ஊர்கள் வெளிப்படும். பல சமயம் அங்கே குறை விளம்பரத்தில் இல்லை, பஸ் நேரத்தில் இருக்கும்.

அரசுக் கல்லூரிகள் இந்தப் போட்டியில் ஏறக்குறைய இறங்குவதே இல்லை. அவற்றுக்கான விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். சேர்க்கை அறிவிப்பிலேயே அந்தத் தொகை அச்சிடப்பட்டிருக்கிறது.