தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள்? கூகுள் ஷீட்ஸ் போடும் கணக்கு

ப்ளஸ் டூ படித்த என் மகளின் போனில் இருந்த கவுண்ட்டவுன் செயலி, 2026 ஜனவரி 5 அன்று ‘56 நாட்கள்’ என்று காட்டியது. அவளுக்கு மார்ச் 2 தேர்வு. பொங்கலையும் ஞாயிற்றுக்கிழமையையும் படிக்கும் நாளாக எண்ணுகிற செயலியை வைத்துக்கொண்டு பாடங்களை எப்படிப் பிரிப்பது? அதை நீக்கிவிட்டு கூகுள் ஷீட்ஸுக்கு வந்தோம். தேர்வு வரை இந்த ஒரு வரிதான் துணை:

```
=NETWORKDAYS.INTL(B1, B2-1, 1, D2:D12)
```

B1 தொடங்கும் நாள், B2 தேர்வு நாள். நடுவில் உள்ள 1, சனியும் ஞாயிறும் கழிய வேண்டும் என்பதற்கான குறி. சனிக்கிழமை அவளுக்கு வாராந்திரத் திருப்புதல் நாள். ஞாயிறு மட்டும் கழிந்தால் போதும் என்பவர்கள் 11 போடலாம். D பட்டியலில் ஜனவரி 15, 16, 17, 26, தைப்பூசமான பிப்ரவரி 1, கடைசித் திருப்புதலுக்கு ஒதுக்கிய பிப்ரவரி 23 முதல் 28 வரை என 11 தேதிகள்.

விடை 32. கையால் கழித்தால் 29தான் வரும்: 56-இல் எட்டு ஞாயிறு, எட்டு சனி, பட்டியலின் 11 நாள் போக மிச்சம். ஆனால் உழவர் திருநாளும் பிப்ரவரி 28-உம் சனிக்கிழமை, தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை. கையால் போடும்போது இந்த மூன்று நாளும் இரண்டு முறை கழிந்துவிடுகின்றன. இந்தச் சூத்திரம் ஒரு நாளை ஒரு முறைதான் கழிக்கும். பிப்ரவரியில் மூன்று நாள் என்றால் இயற்பியலில் ஒரு பாடம் முழுசாக முடியும். இதற்காகவே எனக்கு இதைப் பிடித்துப்போனது.

B2-க்குப் பின்னால் உள்ள -1 கட்டாயம். அது இல்லாவிட்டால் தேர்வு நாளும் சேர்ந்து 33 ஆகிவிடும்.

எரிச்சலூட்டுவது தேதி விவகாரம். கோப்பின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால், 2/3/2026 என்பதை பிப்ரவரி 3 என்று எடுத்துக்கொள்ளும். 32 சத்தமில்லாமல் 18 ஆகும், எச்சரிக்கை எதுவும் வராது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றில் இது பெரிய குறை. 2026-03-02 என்று ஆண்டை முன்னால் போட்டு எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்தில் =TEXT(B2,"dddd") கொடுத்தால் கிழமை தெரியும். திங்கள் வர வேண்டிய இடத்தில் செவ்வாய் வந்தால் தேதி புரண்டிருக்கிறது.

அரை நாள் கணக்கு இதற்குத் தெரியாது. B1-இல் =TODAY() போட்டால் எண்ணிக்கை தினமும் தானாகக் குறையும், ஆனால் இரவு பத்து மணிக்குத் திறந்தாலும் இன்றைய நாளை முழுசாகச் சேர்த்தே காட்டும். இரவில் திட்டம் போடுகிறவர்கள் =TODAY()+1 என்று கொடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கிறது, போனிலேயே ஓடுகிறது. தேதிகளின் கிழமையை ஒருமுறை சரிபார்த்துவிட்டால், தனிக் கவுண்ட்டவுன் செயலி தேவையே இல்லை.