கதவுக்கு வெளியே நிற்பது யார்?

சென்னை அடுக்ககம் ஒன்றின் மூன்றாவது மாடி. 35 மி.மீ. தடிமனுள்ள ஃபிளஷ் கதவு. ஏற்கெனவே இருந்த பழைய 'மேஜிக் ஐ'யில் வாசலுக்கு நேர் எதிரே நிற்பவர் மட்டும் தெரிந்தார். பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றால் ஆளே இல்லை.

அதைக் கழற்றிவிட்டு, அதே 14 மி.மீ. துளையில் 200 டிகிரி என்று அட்டையில் அச்சிட்ட அகலக்கோண லென்ஸைப் பொருத்தியதும் நடைபாதையின் இரு பக்கமும் தெரிந்தன. ஆனால் ஓரத்தில் நிற்பவர் நூல்போல ஒடுங்கித்தான் தெரிகிறார். ஆள் இருப்பது புரியும், முகம் புரியாது. வெளிப்பக்க லென்ஸ் கதவைவிடச் சற்றுப் புடைத்திருந்தால்தான் இந்த அகலம் கிடைக்கும். வாசலில் இரும்பு கிரில் கேட் இருந்தால் அதன் கம்பிகளும் குறுக்கே வரும்.

உள்பக்கம் மூடி உள்ளதா என்று பார்த்து வாங்குவது அவசியம். வெளியிலிருந்தே லென்ஸ் வழியாக வீட்டுக்குள் பார்க்க உதவும் கருவிகள் உண்டு. 2008இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஹோட்டலில் ஒருவன் கதவு லென்ஸையே மாற்றி, விளையாட்டுச் செய்தியாளர் எரின் ஆண்ட்ரூஸை ரகசியமாகப் படமெடுத்தான். 2016இல் நடுவர் குழு எரினுக்கு 5.5 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

டிஜிட்டல் வியூவரும் அதே துளையில் பொருந்துகிறது. பொத்தானை அழுத்தினால் உள்பக்கத் திரையில் படம் வரும். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சிரமப்படும் பாட்டிக்கு இதுதான் வசதி. குறைகளும் உண்டு: படம் வர ஓரிரு நொடி ஆகும். ஆளுக்குப் பின்னால் வெயிலடித்தால் முகம் இருண்டுவிடும். பேட்டரி தீர்ந்தால் லென்ஸும் இல்லை, திரையும் இல்லை. எளிய மாடல்களில் கோணமும் கண்ணாடி லென்ஸைவிடக் குறைவு.

கதவில் மாட்டும் செயினுக்கு வேறு சோதனை. பெட்டியோடு வரும் குட்டை ஸ்க்ரூக்கள்தான் அதன் பலவீனம். சங்கிலி அறுவதற்கு முன் அவை பிய்ந்து வந்துவிடும். நிலைப் பக்கத்தில் 50 மி.மீ. ஸ்க்ரூ போடலாம். ஃபிளஷ் கதவின் நடுப்பகுதியில் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது. விளிம்பிலுள்ள மரச்சட்டத்தில்தான் அடிக்கவேண்டும், அல்லது கதவை ஊடுருவும் போல்ட் போட்டு நட்டை உள்பக்கம் முடுக்கவேண்டும். மாட்டியபின் கதவைத் திறந்து, இடைவெளியில் கையை விட்டுப் பார்க்கவேண்டும். கொக்கி வரை விரல் எட்டினால் சங்கிலி அதிக நீளம் என்று பொருள். கதவு ஏறக்குறைய மூடினால் மட்டுமே கொக்கி கழலும்படி இருக்கவேண்டும்.

அப்படி மாட்டினாலும் பார்சலை வாங்கவோ அடையாள அட்டையைப் பார்க்கவோதான் செயின் உதவும். பலமாக ஒருவர் தோளால் இடித்தால் தாங்காது. இரவில் தாழ்ப்பாளும் பூட்டும் கூடவே வேண்டும். கையிருப்பு குறைவென்றால் முதலில் மூடியுள்ள அகலக்கோண லென்ஸும் நீள ஸ்க்ரூவும் வாங்கலாம். வீட்டில் பார்வை மங்கிய முதியவர் தனியாக இருந்தால் டிஜிட்டலுக்குச் செலவழிப்பது நியாயம்.