அப்டேட் போட்ட மறுநாள் எரிந்த மஞ்சள் விளக்கு

போன மாதம் என் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு எஞ்சின் கண்ட்ரோல் யூனிட்டில் புது சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். 2021 மாடல், மேனுவல் கியர், பிஎஸ் 6. மதுரை நெரிசலில் ஏசி கம்ப்ரெஸர் விழுந்து எழும்போதெல்லாம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் வண்டி லேசாக வெட்டும். அதற்குத்தான் இந்த அப்டேட் என்றார்கள். பேட்டரி வோல்டேஜ் இறங்காமலிருக்க ஒரு சார்ஜரை மாட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் லேப்டாப்பை இணைத்து, நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். காசு கிடையாது. கூடவே வழக்கமான சர்வீஸும் நடந்தது. ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாலை வீடு திரும்பும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஃபோன் செய்தேன். "புது சாஃப்ட்வேர் சார், வண்டி கத்துக்கிட்டு இருக்கும். ரெண்டு மூணு நாள்ல தானா போயிரும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆகவே இந்த விமர்சனம் அப்டேட்டைப் பற்றியது மட்டுமல்ல, அதற்குப் பின் வரும் அந்த ஒரு வாரத்தைப் பற்றியதும்தான்.

முதலில், வண்டி எதைக் கற்றுக்கொள்கிறது? எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று கண்ட்ரோல் யூனிட் கணக்குப் போட்டுத் தெளிக்கிறது. கணக்கு சரியா என்பதைச் சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்லும். காற்று மிஞ்சியிருந்தால் பெட்ரோலைக் கூட்டு, குறைந்திருந்தால் பெட்ரோலையும் குறை. இந்த உடனடித் திருத்தம் ஸ்கேனர் ஆப்பில் STFT என்று சதவீதமாக ஓடும். ஒரே திசையில் திருத்தம் நீடித்தால் அதை LTFT என்ற இன்னொரு கணக்கில் ஏற்றிவிட்டு STFT பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைக்காரர்கள் பாஷையில், STFT அன்றாடச் சிட்டை, LTFT பேரேடு. ஐடிலுக்கு ஒரு பக்கம், நிதான ஓட்டத்துக்கு ஒரு பக்கம், பாரம் ஏறும்போது ஒரு பக்கம் எனப் பேரேட்டில் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. நான்கு வருடமாக என் காரின் தேய்மானம், ஊர்ப் பெட்ரோல், த்ராட்டில் மேல் படிந்த கரி எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. அப்டேட் அந்தப் பேரேட்டைக் கிழித்துவிட்டுப் புது நோட்டை வைத்தது.

அதனால் முதல் நாள் வண்டி நடந்துகொண்ட விதம் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஐடில் ஆர்பிஎம் 820-க்கும் 950-க்கும் நடுவே ஊசலாடியது. சிக்னலில் கிளட்சை விடும்போது இருமுறை ஆஃப் ஆனது. த்ராட்டில் வால்வை எவ்வளவு திறந்தால் ஐடில் நிற்கும் என்பதையும் அது முதலிலிருந்து கற்கவேண்டும் என்பதுதான் காரணம். இருபது கிலோமீட்டர் ஓடியதும் ஊசலாட்டம் அடங்கியது. இதெல்லாம் நியாயமான கற்றல்.

விளக்கு அந்தக் கணக்கில் வராது. கற்றுக்கொண்டிருப்பதைச் சொல்வதற்காகச் செக் எஞ்சின் விளக்கு வைக்கப்படவில்லை. புகை தொடர்பான பெரும்பாலான கோளாறுகளை ஒரு ஓட்டத்தில் பார்த்தால் கண்ட்ரோல் யூனிட் 'பென்டிங்' என்று குறித்துவைக்கும். அடுத்த ஓட்டத்திலும் பார்த்தால்தான் விளக்கை ஏற்றும். என் வண்டி முதல் நாளே குறித்துவைத்திருக்க வேண்டும். ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டே பென்டிங் பக்கத்தை நான் திறந்து பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ELM327 வகை ப்ளூடூத் அடாப்டரும் ஃபோனில் ஒரு ஆப்பும். விளக்கு எரிந்த மாலை அதை மாட்டினேன். கோட் P0171, அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம். கோடு விழுந்த கணத்தில் வண்டி இருந்த நிலையைப் படம்பிடித்ததுபோல் வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தில் 790 ஆர்பிஎம், கூலன்ட் சூடு 88 டிகிரி, STFT +11.7, LTFT +14.8 என்றிருந்தது. இரண்டையும் கூட்டினால் 26.5. பல கார்களில் இந்தக் கூட்டுத்தொகை 25-ஐ ஒட்டிப் போனால் விளக்கு எரியும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சும்மா நிற்கையில் விழுந்த கோடு இது.

இங்கேதான் கற்றலையும் கோளாறையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. கற்றல் என்றால் LTFT ஏறி ஓர் இடத்தில் நிற்கும், STFT பூஜ்யத்தைச் சுற்றி ஆடும். என் வண்டியில் பேரேடு ஏறிக்கொண்டே போனது, சிட்டையும் குறையவில்லை. பெட்ரோலைக் கூட்டக் கூட்டப் போதாமலேயே இருந்தது என்று பொருள்.

அடுத்து நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். மொத்தத் திருத்தம் +4-க்கு இறங்கியது. ஐடிலில் 26, 2500-இல் 4. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பலவீனமானால் எஞ்சின் அதிகம் கேட்கக் கேட்கப் பற்றாக்குறை கூடும். இங்கே தலைகீழ். சென்சாரைத் தாண்டிய ஏதோ ஓர் ஓட்டை வழியாக, அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடினால் அது கலந்து மறைந்துவிடுகிறது. ஓர் எச்சரிக்கை: ஓடும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்குத்தான் இந்தச் சோதனை இப்படிப் பேசும். மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இதே ஓட்டை, திருத்தத்தைவிட ஐடில் ஆர்பிஎம் ஏறுவதாகவே வெளிப்படும்.

நல்லவேளையாக, அப்டேட்டுக்கு முந்தின நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று ஃபோனில் இருந்தது. ஐடிலில் LTFT +9.4, 2500-இல் +3.1. ஓட்டை அப்போதே இருந்திருக்கிறது, சிறியதாக. நான்கு வருடப் பேரேடு அதைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிக்கொண்டிருந்தது.

தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்கேனரைப் பார்க்கவில்லை, "ஏர் ஃபில்டர் மாத்துனாங்களா சார்?" என்றுதான் கேட்டார். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் குழாயையும் எஞ்சின் தலையையும் இணைக்கும் ப்ரீதர் ஹோஸை வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில், பார்வைக்குப் படாத இடத்தில், நகநீள வெடிப்பு. ஃபில்டர் டப்பாவைத் திறப்பதற்கு ஹோஸை இழுத்திருக்கிறார்கள். மயிரிழையாக இருந்தது வாய்பிளந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போதே அவர் வெடிப்பின் மேல் டேப்பைச் சுற்ற, நான் STFT-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். +11-இல் இருந்தது சில நொடிகளில் பூஜ்யத்தைத் தாண்டி மைனஸுக்குப் போனது. பேரேடு இன்னும் பழைய கடனையே காட்டுவதால் சிட்டை இப்போது கழிக்கத் தொடங்கிவிட்டது. இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டாம். புது ஹோஸ் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்.

இனி எல்லோரும் செய்யும் தவறு. ஆப்பில் 'Clear' என்று ஒரு பட்டன் இருக்கிறது, விரல் துறுதுறுக்கும். பல கார்களில் அதை அழுத்தினால் கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் கற்ற கணக்கும் சுயசோதனை முடிவுகளும் சேர்ந்து அழியும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் ஏறத்தாழ அதேதான். கற்றல் மறுபடி முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்கும். விளக்கு எரிவதும் அழிப்பதுமாக மாதக்கணக்கில் அலைகிறவர்கள் பலர் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறார்கள். நான் அழிக்கவில்லை. கோளாறு திரும்பாத மூன்று ஓட்டங்கள் அடுத்தடுத்து முடிந்ததும் நான்காவது ஸ்டார்ட்டில் விளக்கு தானாக அணைந்தது.

கற்றலுக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசி இல்லாமல் ஐந்து நிமிடம், ஏசி போட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்கவிட்டேன். அலுவலகத்துக்கு வழக்கமான நெரிசல் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் தாண்டி விருதுநகர் வரை நான்குவழிச் சாலையில் 70-80 வேகத்தில் ஒரே சீராக ஓட்டினேன். ஆளில்லாத இடங்களில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு, கியரிலேயே 80-இலிருந்து 40 வரை வண்டியைத் தானாகத் தளரவிட்டேன். அப்போது பெட்ரோல் தெளிப்பு நின்று கிராங்க் ஷாஃப்ட் சும்மா சுழலும். பல கார்கள் அந்த நேரத்தில்தான் கிராங்க் சக்கரத்துப் பற்களின் நுண்ணிய ஏற்றத்தாழ்வை அளந்துவைத்துக்கொள்கின்றன. மிஸ்ஃபயரைச் சரியாகக் கண்டுபிடிக்க அது தேவை. நகரத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு இந்த வாய்ப்பு அரிது. கேட்டலிஸ்ட் சோதனை 'Complete' என்று மாறியதும் அந்த விருதுநகர்ப் பயணத்தில்தான்.

அந்த வாரம் முழுக்க ஒரே பங்கில் பெட்ரோல் போட்டேன். எத்தனால் கூடினால் ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாகத் தேவைப்படும். E10-க்கென அமைத்த காரில் E20 போட்டால் திருத்தம் நான்கு சதவீதம் அளவுக்கு ஏறும், அதுவும் ஐடில், ஓட்டம் இரண்டிலும் ஒன்றுபோல. கற்கும்போது பெட்ரோலும் மாறினால் எது எதனால் என்று பிரிக்க முடியாது.

ஆக, என் தீர்ப்பு. அப்டேட் நல்ல அப்டேட். ஏசி வெட்டு போய்விட்டது, சிக்னலில் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது. கொடுத்த விதம் மோசம். எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்று பில்லில் ஒரு வரி இல்லை. ஸ்கேனர் ஆப்பின் Calibration ID மாறியிருந்ததை வைத்துத்தான் ஏற்றியதே உறுதியானது. "தானா போயிரும்" என்ற பதிலை நம்பியிருந்தால், பெட்ரோல் போதாமல் திணறும் எஞ்சினை மாதக்கணக்கில் ஓட்டியிருப்பேன். விளக்கு சீராக எரிந்தால் இப்படி நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் கற்றல் பேச்சே வேண்டாம், எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்ட்டைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள், ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

உங்கள் காருக்கும் அப்டேட் என்று அழைப்பு வந்தால், போவதற்கு முந்தின நாள் இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்: சூடான எஞ்சினில் ஐடிலில் ஒன்று, 2500 ஆர்பிஎம்மில் ஒன்று. என் காரில் இன்று காலை ஐடிலில் +3.9, 2500-இல் +3.1.