ஓவியர் பேசியதும் ஆங்கிலம் எழுதியதும்

கொழும்பில் நடைபெறும் ஓவியக் கண்காட்சிகளில் படங்களுக்கு அருகே ஓர் ஆங்கிலத் தாள் தொங்குவதைப் பார்த்திருப்போம். அதில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று ‘நான்’ என்று தொடங்கும் ஓவியர் கூற்று. மற்றது ‘இவர்’ என்று பேசும் வாழ்க்கைக் குறிப்பு. மன்னார்க் கரையிலிருந்தோ வன்னியிலிருந்தோ செல்லும் தமிழ் ஓவியர் பலர் இவ்விரண்டையும் தம் கையால் எழுதுவதில்லை. அவர்கள் தமிழிற் பேசுகிறார்கள்; வேறொருவர் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஆகவே அத்தாளில் உள்ள ‘நான்’ யாருடைய நான் என்பது விமர்சனத்துக்குரிய கேள்வியாகும்.

இத்தாள்களுக்கென ஒரு தனி ஆங்கிலமே வளர்ந்துவிட்டது. அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்னும் இருவர் 2012ஆம் ஆண்டு ‘ட்ரிப்பிள் கனோப்பி’ என்னும் சஞ்சிகையில் அதற்குச் ‘சர்வதேசக் கலை ஆங்கிலம்’ என்று பெயரிட்டனர். இ-ஃப்ளக்ஸ் என்னும் நிறுவனம் பல்லாண்டுகளாக அனுப்பிவந்த கண்காட்சி அறிவிப்புகளைத் திரட்டி, கணினியின் துணையோடு ஆராய்ந்தனர். வினைச்சொற்கள் மெலிந்து, கருத்துப் பெயர்ச்சொற்கள் பெருகியிருப்பதைக் காட்டினர். இந்த மொழியில் ஓவியர் எதையும் வரைவதில்லை, ‘வினவுகிறார்’, ‘ஆராய்கிறார்’. வீடு என்று ஒன்று இல்லை, ‘வெளி’ உண்டு. அடுத்த ஆண்டே ஹிட்டோ ஸ்டெயெர்ல் என்னும் கலைஞர் இதற்கு மறுமொழி எழுதினார். பிரித்தானிய ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்து இம்மொழியை எள்ளுவது சரியா? இதை எழுதுகிறவர்களிற் பலர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள், குறைந்த கூலிக்கோ கூலியின்றியோ உழைக்கும் இளைஞர்கள் அல்லவா? இதுவே அவர் வாதம். நாமும் அந்தப் பக்கமே நிற்கவேண்டும். இலக்கணப் பிழை நம் கவலையன்று. பேசியவரின் பொருள் எங்கே தொலைகிறது என்பதே நம் கவலை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பாப்பாமோட்டைப் பக்கத்து ஓவியர் ஒருவர் இப்படிப் பேசுகிறார்: “தொண்ணூறில எல்லாத்தையும் விட்டிட்டு வந்தது. வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற்தான் கையில இருந்தது. அதாலதான் கீறத் தொடங்கினது.” இதைக் கேட்டு எழுதப்படும் கூற்று பெரும்பாலும் இவ்வாறு அமையும்: ‘இடப்பெயர்வின் அனுபவத்திலிருந்து எழும் என் படைப்புகள், கலப்பு ஊடகத்தின் வழியே நினைவையும் அடையாளத்தையும் வினவுகின்றன.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் ஓவியர் சொன்ன எதுவும் அங்கே மிஞ்சவில்லை.

முதலாவது, ‘விட்டிட்டு வந்தது’ என்ற தொடர். நம் ஈழத்துப் பேச்சில் நான் வந்ததும், நாங்கள் வந்ததும், ஊரே வந்ததும் இந்த ஒரே வடிவத்தில் அடங்கும். எழுவாய் சொல்லப்படாமலே விளங்கும். ஆங்கில வாக்கியமோ எழுவாயின்றி நிற்காது. எழுதுகிறவர் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். ‘நான் விட்டேன்’ என்றால் அது தனிமனிதன் முடிவாகிறது. ‘நாங்கள் தப்பியோடினோம்’ என்றால் அச்சம் முன்னே வருகிறது. ‘டிஸ்பிளேஸ்ட்’ என்று செயப்பாட்டுவினையாக்கினால் பெயர்த்தவர் ஒருவர் உண்டென்பது தொனிக்கும். ஆனால் அவர் யாரென்பது மறைந்துவிடும். இந்தத் தெரிவு இலக்கணத் தெரிவன்று, அரசியல் தெரிவு. அதை ஓவியரிடம் கேளாமல் எழுத்தாளர் செய்வது முறையாகாது. “ஆர் வந்தது? ஆரால வரவேண்டி வந்தது?” என்ற இரு கேள்விகளைத் திருப்பிக் கேட்டாற் போதும்.

இரண்டாவது, காலம். நம்மவர் ஆண்டைச் சொல்வதைவிட நிகழ்ச்சியைச் சொல்வதே மிகுதி. ‘இந்தியன் ஆமிக் காலம்’ என்றால் 1987 முதல் 1990 வரை. ‘பெரிய இடப்பெயர்வு’ என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு 1995 ஒக்டோபர். ஆண்டைச் சொன்னாலும் ஐயம் தீர்ந்துவிடாது. மன்னாரில் ‘தொண்ணூறு’ என்பது ஒரே நிகழ்ச்சியன்று. அவ்வாண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபோது இக்கரைத் தமிழர் பலர் படகேறி இராமேஸ்வரம் சென்றனர். ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவு மக்கள் பலர் கடல் வழியே கற்பிட்டி, புத்தளம் பக்கம் சென்று சேர்ந்தனர். ஒரே ஆண்டு, இருவேறு துயரங்கள், பொறுப்பாளிகளும் வேறு. மாதத்தைக் கேளாமல் ‘1990இல் இடம்பெயர்ந்தவர்’ என்று எழுதும் குறிப்பு, ஒரு சமூகத்தின் வரலாற்றை இன்னொன்றின் நிழலில் மறைத்துவிடும்.

மூன்றாவது, வள்ளத்துப் பெயின்ற். அது ‘கலப்பு ஊடகம்’ ஆகும்போது தொழிலும் வறுமையும் ஒருங்கே அழிகின்றன. கடலுப்பைத் தாங்கவென்று செய்த எனாமல் அது. பளபளப்பும் கடுமையும் கொண்டது. நீர்வண்ணம்போலக் கரைந்து கலக்காது. அதனால் நிறங்கள் தனித்தனிப் பரப்புகளாக நிற்கின்றன. பார்வையாளர் கண்ணுக்குப் படும் அந்தக் குணத்துக்குக் காரணம் அச்சொல்லில் இருந்தது. அதைத் துடைத்துவிட்ட பின் ‘வினவுகின்றன’ என்று எழுதி என்ன பயன்?

வாழ்க்கைக் குறிப்பின் கோளாறு வேறு வகை. அதன் அச்சு முன்கூட்டியே வார்க்கப்பட்டிருக்கிறது: பிறந்த ஆண்டு, பட்டம், தனிக் கண்காட்சி, கூட்டுக் கண்காட்சி, விருது. பெயர்ப்பலகை எழுதியதற்கும், தேவாலயச் சுரூபத்துக்கு நிறந்தீட்டியதற்கும், முகாமில் பிள்ளைகளுக்கு வரையக் கற்பித்ததற்கும் அங்கே இடமில்லை. உழைப்பாளி ஓவியரின் இருபது ஆண்டுகள் வெற்றிடமாகத் தோன்றும். அந்த வெற்றிடத்தை நிரப்பப் பொய்க் கண்காட்சிகள் வேண்டா. செய்த வேலையை ஆண்டோடும் ஊரோடும் எழுதினாற் போதும். நம்மிடம் இதற்கு முன்மாதிரியும் உண்டு. ஓவியர் அ. மாற்கு பற்றி 1987இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’ தமிழில் அமைந்த மலர். ஓர் ஓவியரைப் பற்றி முதலில் அவர் மொழியில், அவரை அறிந்த சமூகத்துக்குள்ளேயே பேச முடியும் என்பதற்கு அது சான்று.

கேட்டதை மாற்றி எழுதுவது எப்போதும் அழிவுதானா? அன்று. தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் கலைநூலைப் பாருங்கள். தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் தொடர்ந்த காணிப் பதிவேடு. வீடிழந்தவர்கள் தம் வீட்டை நினைவிலிருந்து வரைந்த கோட்டுப்படம் அந்நூலில் முதலில் வருகிறது; அதை அளவுக்கு அமைத்த கட்டடக்கலைப் படம் அடுத்தது; ஓவியரின் சித்திரம் அதற்கும் அடுத்தது. மாற்றம் நிகழ்கிறது; ஆனால் மாற்றப்பட்டது ஒளிக்கப்படவில்லை. நடுங்கிய முதற்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. அளவுபட்ட கோடு எதைத் திருத்தியது என்பதை நாமே ஒப்பிட்டு அறியலாம்.

ஓவியர் கூற்றுக்கும் இதுவே முறை. பேச்சை ஒலிப்பதிவு செய்து, பேசியபடியே தமிழில் எழுதுக. இருநூறு சொல்லுக்குள் ஆங்கிலத்தில் அமைக்குக. பின்னர் அந்த ஆங்கிலத்தை வாக்கியம் வாக்கியமாகத் தமிழிற் சொல்லி ஓவியரைக் கேட்கச் செய்க. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒலிப்பதிவில் இன்ன இடம் என்று காட்ட முடியவேண்டும். காட்ட முடியாதது எழுத்தாளரின் சொந்தச் சரக்கு, அதை நீக்குக. சுவரில் ஆங்கிலத்துக்கு அருகே தமிழையும் தொங்கவிடுக. கடைசியில், ‘ஓவியர் பேசியதைக் கேட்டு எழுதியவர் இன்னார்’ என்று ஒரு வரி சேர்க்குக. எழுதியவரின் உழைப்பும் அப்போதுதான் வெளிப்படும்.

இந்த வேலை நம் ஊர்களில் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமுமே வந்து சேர்கிறது. கலைக்கூடம் அழகான ஆங்கிலத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் வள்ளத்துப் பெயின்ற்றை வள்ளத்துப் பெயின்ற் என்றே எழுத ஆங்கிலத்தில் எந்தத் தடையுமில்லை.