விரிசலுக்கு ஒரு நோட்டீஸ்: வலு எங்கே, ஓட்டை எங்கே

சாவி கைக்கு வந்த முதல் வருடத்திலேயே சுவர் வெடித்து, கூரை ஒழுகினால் கட்டிக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். இதற்குத் துணை நிற்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை தெரிந்து, அதை வாங்கியவர் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பனவடலிசத்திரம் போன்ற ஊரில் வைத்துப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெரிகிறது.

முதலில் அதன் வலுவைச் சொல்ல வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்குத் தேதி கிடையாது. "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்று சொல்லியே காண்ட்ராக்டர் இரண்டு மழைக்காலத்தைக் கடத்திவிடலாம். ஒப்புகையோடு அஞ்சலில் போகும் ஒரு நோட்டீஸ் அந்த வழியை அடைக்கிறது. குறை எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னோம், அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் தாளில் பதிந்துவிடுகிறது. பிறகு ஆணையத்துக்குப் போனாலும் அந்தத் தாள்தான் முதலில் பேசும். சட்டம் கட்டமைப்புக் குறையை மட்டும் சொல்லாமல் வேலைப்பாட்டையும் சேர்த்திருப்பது இன்னொரு பலம். "தூணும் பீமும் நன்றாகத்தானே இருக்கிறது, பூச்சு வெடித்ததற்கெல்லாம் நான் பொறுப்பில்லை" என்று ஒதுங்க முடியாது.

இனி ஓட்டைகள். முதல் ஓட்டை, சட்டம் எட்டும் தூரம். மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருக்கும் திட்டத்துக்குப் பதிவு தேவையில்லை. அதைவிட முக்கியமாக, இந்தச் சட்டம் விற்பதற்காகக் கட்டுபவரை நோக்கியே எழுதப்பட்டது. பனவடலிசத்திரத்தில் பெரும்பாலும் சொந்த மனையில், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, காண்ட்ராக்டரைக் கொண்டு கட்டுகிறோம். அங்கே விற்பவரும் இல்லை, விற்பனை ஒப்பந்தமும் இல்லை. ஆகவே ஐந்து ஆண்டுப் பொறுப்பு தானாக வந்து சேராது. கைகொடுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டுவதை அது சேவை என்றே சொல்கிறது. ஆனால் அதில் புகார் கொடுக்கக் காலக்கெடு இரண்டே ஆண்டு. நகரத்தில் அடுக்குமாடி வாங்கியவருக்கு ஐந்து ஆண்டு அவகாசம் என்று கேள்விப்பட்டு, அதையே நம்பிக் காத்திருக்கும் தனி வீட்டுக்காரர் அந்த இரண்டு ஆண்டைத் தவறவிட்டுவிடக் கூடும்.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. நோட்டீஸ் கண்ணுக்குத் தெரிவதைப் பேசுகிறது, காரணத்தைப் பேசுவதில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் கரிசல் மண்மேல் விற்பதற்காகக் கட்டிய வீடு ஒன்றை வைத்துப் பார்ப்போம். தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள். வைகாசியில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், செங்கல் வரிசையைப் படிப்படியாகப் பிடித்து ஏறுகிறது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கிறது. அது பூச்சு விரிசல் இல்லை, வீட்டின் மூலை இறங்குவதன் அடையாளம். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். வீட்டைச் சுற்றி வெளிப்பக்க மண் முதலில் காய்ந்து சுருங்க, அஸ்திவாரத்தின் மூலை தாங்கல் இழக்கிறது. மண் உப்பிச் சுருங்கும் ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போகவில்லை, அல்லது கரிசலை எடுத்துவிட்டுச் சரளை போட்டு இறுக்கவில்லை, அல்லது பெல்ட் கான்கிரீட் மெலிதாகிவிட்டது என்று பொருள்.

வீட்டுக்காரர் "சுவரில் விரிசல் உள்ளது, சரிசெய்யவும்" என்று நோட்டீஸ் அனுப்புகிறார். கட்டியவர் 30 நாளுக்குள் ஆள் அனுப்பி, விரிசலைக் கீறிச் சிமென்ட் அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார். எழுத்துப்படி நோட்டீஸ் நிறைவேறிவிட்டது. ஐப்பசி மழையில் மண் உப்பி மூலை மேலெழ, அடைத்த காரை பிதுங்குகிறது. அடுத்த வைகாசியில் அதே இடம் மறுபடி வாய் திறக்கிறது. சட்டம் 30 நாளில் எண்ணுகிறது. கரிசல் ஒரு வருடத்தில் மூச்சுவிடுகிறது. இந்தப் பொருத்தமின்மையைத்தான் அவசரப் பூச்சு வேலை பயன்படுத்திக்கொள்கிறது.

கசிவிலும் இதே கதைதான். மேற்கூரையில் ஈரம் தெரிந்தால் கூரைக்கு மேலே வாட்டர்புரூஃப் பூசுவது வழக்கம். ஈரத்திட்டு கழிவறைக்கு நேர் கீழே இருந்து, மழையில்லாத மாதத்திலும் காயாமல் இருந்தால், கோளாறு மேல்மாடிக் கழிவறையின் பள்ளத்திலோ குழாய் இணைப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்தால் அது கூரை ஒழுகல் அல்ல, தரையிலிருந்து ஏறும் ஓதம். மூன்றுக்கும் மருந்து வேறு.

மூன்றாவது ஓட்டை, காரணத்தை யார் நிரூபிப்பது என்பது. 2021-இல் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், குடியேறிய கொஞ்ச நாளிலேயே சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்வதாகப் புகார் எழுந்தது. 1,920 வீடுகள் கொண்ட அரசுத் திட்டம் என்பதால் சென்னை ஐஐடி வந்து சோதித்தது. தனி வீட்டுக்காரருக்கு அந்த வசதி கிடையாது. "நீங்கள் ஆணி அடித்தீர்கள், மரம் வைத்தீர்கள்" என்று காண்ட்ராக்டர் சொன்னால், எதிர்த்து நிற்க வீட்டுக்காரரிடம் என்ன இருக்கிறது?

செலவில்லாத சான்று கொஞ்சம் உண்டு. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதலாம். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தால், விரிசல் நகரும்போது அது உடையும். அளவுகோலை அருகில் வைத்து மாதம் ஒரு படம் எடுக்கலாம். மாடித் தண்ணீர்க்குழாய்த் துளைகளை அடைத்து, மொட்டைமாடியில் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தால் கசிவு கூரையிலா என்பது தெரிந்துவிடும். ஆனால் கோடைக்கும் மழைக்கும் விரிசல் திறந்து மூடுகிறது என்று காட்ட ஒரு பருவமாவது வேண்டும். அதற்காக நோட்டீஸைத் தள்ளிப்போடக் கூடாது. குறை தெரிந்த மாதமே முதல் நோட்டீஸ், பதிவுகள் சேர்ந்தபின் பொறியாளர் அறிக்கையோடு இரண்டாவது நோட்டீஸ் என்று பிரித்துக்கொள்வதே சரி.

ஆகவே நோட்டீஸின் கோரிக்கையை மாற்றி எழுத வேண்டும் என்பதே என் முடிவு. "விரிசலை அடைத்துத் தரவும்" என்று கேட்டால் அடைப்புதான் கிடைக்கும். "காரணம் என்ன என்று பொறியாளரின் கையெழுத்தோடு எழுத்தில் தெரிவிக்கவும், பழுது பார்க்கும் முறையை முன்கூட்டியே சொல்லவும், பார்த்தபின் ஒரு கோடையும் ஒரு மழையும் கடக்கும்வரை பொறுப்பேற்கவும்" என்று கேட்டால், அந்த 30 நாள் பூச்சு வேலைக்கான கெடுவாக இல்லாமல், பொறுப்பு தொடங்கும் நாளாக மாறும்.

பனவடலிசத்திரத்தில் கட்டுபவருக்கு இன்னொரு வேலை அதற்கும் முன்பே இருக்கிறது. சட்டம் தராத ஐந்து ஆண்டை ஒப்பந்தத் தாளில் அவரே எழுதி வாங்க வேண்டும்; ஒப்படைத்த தேதியைக் காண்ட்ராக்டரின் கையெழுத்தோடு குறிக்க வேண்டும்; அரசுப் பணிகளில் பிடித்து வைப்பதுபோலக் கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும். கையில் பணம் நின்றால், எழுதிய நோட்டீஸுக்குப் பதில் வரும். முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டு அனுப்பும் நோட்டீஸ், வழக்குக்கான முதல் தாளாக மட்டுமே நிற்கும்.