கேள்வியோடு சேர்ந்தால்தான் பதில்

எங்கள் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு மின்சார ரயிலில் போய்வரும் வழக்கறிஞர்கள் பையில் சாட்சிகளின் வாக்குமூல நகல்கள் இருக்கும். ‘அ.சா.2, குறுக்கு விசாரணை’ என்று தலைப்பிட்ட அந்தத் தாள்களில் இப்படியான வாக்கியம் அடிக்கடி வரும்: “சம்பவ நேரத்தில் நான் அங்கே இல்லை என்று சொன்னால் சரியல்ல.” ‘அங்கே இல்லை’ என்றது எதிர்த்தரப்பு வழக்கறிஞர். ‘சரியல்ல’ என்றது சாட்சி. இரண்டு குரலும் ஒரே வாக்கியத்தில், சாட்சியின் வாயில் ஏறிவிட்டன.

இதற்குச் சட்டமே காரணம். அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியத்தைப் பொதுவாகத் தொடர் நடையில் எழுத வேண்டும். தேவையென்று நீதிபதி கருதும் பகுதியைக் கேள்வி-பதிலாக எழுதலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு சொன்னது இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 311ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பதிவு சுருக்கமாகிறது, உண்மைதான். ஆனால் அட்டவணை போடுபவர் ‘அங்கே இல்லை’ என்ற சொல்லைத் தேடி, அதை அ.சா.2 பெயரில் குறித்தால், சாட்சி மறுத்ததையே அவர் ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிடுவார்.

இதற்கு மாறாக, இலங்கை மேல் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர்கள் கேள்வியை ஒரு வரியிலும் பதிலை அடுத்த வரியிலுமாகச் சொன்னபடியே எடுக்கிறார்கள். மேன்முறையீட்டுக்குப் போகும்போது எல்லாம் ஒரே கட்டாகத் தட்டச்சாகி, தொடர்ச்சியான பக்க எண் பெறுகிறது. வழக்கறிஞரும் நீதிபதியும் அந்தப் பக்க எண்ணைச் சொல்லியே வாதிடுகிறார்கள். தீர்ப்பிலும் அதுவே வருகிறது. எல்லோர் கையிலும் ஒரே எண் என்பது பெரிய வசதி. யார் சொன்னது என்ற குழப்பமும் குறைவு.

அங்கே சிக்கல் வேறு. சாட்சியின் பதில் பல நேரம் வெறும் ‘ஆம்’தான். விஷயம் முழுக்கக் கேள்வியில் கிடக்கும். சாட்சி பேசியதை மட்டும் பிரித்தெடுத்தால் பக்கம் பக்கமாக ‘ஆம்’, ‘இல்லை’, ‘ஞாபகம் இல்லை’ என்றே மிஞ்சும். தவணை தள்ளிப்போய் ஒரே சாட்சி பல நாட்களில் பேசியிருந்தால், ஒரே விஷயம் பல பக்கங்களில் சிதறியும் கிடக்கும்.

ஒலி, காணொளிப் பதிவு இலங்கை ஏட்டையே ஒத்தது. அதில் கேள்வியும் பதிலும் தனித்தனிக் குரல். 2022 செப்டம்பர் 27 முதல் இந்திய உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுகளை நேரலையில் காட்டுகிறது. 2023 பிப்ரவரியிலிருந்து அவற்றுக்கு எழுத்துவடிவமும் வரத் தொடங்கியது. 370ஆம் பிரிவு வழக்கு அதில் நல்ல பாடம். அங்கே நடந்தது வாதம்; சாட்சியம் அல்ல. ஆனாலும் தேடும் வேலை ஒன்றே. 2023 ஆகஸ்ட் 2 முதல் செப்டம்பர் 5 வரை 16 நாள் விசாரணை, ஐந்து நீதிபதிகள்.

ஜம்மு காஷ்மீருக்கு மாநிலத் தகுதி எப்போது திரும்பும் என்று அமர்வு ஆகஸ்ட் 29 அன்று கேட்டது. சரியான காலவரையறை சொல்ல இயலாது என்ற பதிலை சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா ஆகஸ்ட் 31 அன்றுதான் தந்தார். மாநிலத் தகுதி திரும்பத் தரப்படும் என்ற அவரது கூற்றை ஏற்றுக்கொண்டதால், ஜம்மு காஷ்மீரை யூனியன் பிரதேசமாக மாற்றியது செல்லுமா என்ற கேள்வியை டிசம்பர் 11 தீர்ப்பு முடிவு செய்யாமல் விட்டது. நாள்வாரியாக மட்டும் அட்டவணை போட்டிருந்தால் கேள்வி ஒரு கோப்பிலும் பதில் இன்னொரு கோப்பிலும் நின்றிருக்கும். அட்டவணைப் பதிவு இப்படி இருக்க வேண்டும்:

```
பொருள்: மாநிலத் தகுதி
கேள்வி: அமர்வு, 29.8.2023
பதில்: சொலிசிட்டர் ஜெனரல், 31.8.2023
```

தேதியை அடுத்துக் கோப்பின் பெயரும், அந்தக் கோப்பு தொடங்கியதிலிருந்து எண்ணிய மணி-நிமிடம்-நொடியும் வர வேண்டும். நீதிமன்றக் கடிகார நேரம் உதவாது. உணவு இடைவேளைக்குப் பின் கோப்பு மாறினால் கணக்கு தவறிவிடும். யூடியூப் பதிவானால் 1:23:45 என்ற இடத்துக்கு முகவரியின் கடைசியில் `&t=5025s` என்று சேர்த்தால் நேரே அங்கே போய் நிற்கும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதல் சுற்றில் பேசுபவர் பெயர்களை மட்டும் சரிபார்க்க வேண்டும். இரண்டு நீதிபதிகள் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில்தான் எழுத்துவடிவம் பெயரை மாற்றிப் போடும். அங்கே காணொளியைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். பொருள் தலைப்புகளை இரண்டாம் சுற்றில், வழக்கின் எழுவினாக்களிலிருந்து எடுப்பது நல்லது. போகிற போக்கில் தலைப்பு வைத்தால் ‘மாநிலத் தகுதி’ ஓரிடத்தில் ‘யூனியன் பிரதேசம்’ என்றும் இன்னோரிடத்தில் ‘மறுசீரமைப்பு’ என்றும் பிரிந்துபோகும்.

கேள்வியைப் பதிலிலிருந்து பிரிக்காத பழக்கத்தையும், எல்லோருக்கும் பொதுவான இட எண்ணையும் இலங்கை ஏட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டு வாக்குமூல நகலில் ‘என்று சொன்னால் சரியல்ல’ வரும் ஒவ்வோர் இடத்தையும் ‘எதிர்த்தரப்பு சொன்னது, சாட்சி மறுத்தது’ என்று இரண்டாக உடைத்து அட்டவணையில் ஏற்றலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை.