ஆறாவது செய்தி

கச்சேரிப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கிறுக்கு டெமோக்களின் மேல். பல வருஷம் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் விற்று அலைந்தவன் என்பதால் வந்த வியாதி. 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் காட்டிய காணொளியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஐபாட், போன், இணையக் கருவி என்று மூன்று பொருள்களைச் சொல்லி, மூன்றும் ஒன்றுதான் என்று உடைப்பாரே, அதைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் வாணவேடிக்கை. நான் போய் நிற்பது, அதிகம் பேசப்படாத வாய்ஸ்மெயில் இடத்தில்.

அமெரிக்காவில் அப்போது போனை எடுக்காவிட்டால் அழைத்தவர் தன் குரலைப் பதிந்து வைத்துவிட்டுப் போவார். அதைக் கேட்க ஓர் எண்ணுக்குப் போன் போட வேண்டும். வந்த வரிசையில்தான் ஒலிக்கும். ஆறு செய்தி இருந்து, உங்களுக்கு வேண்டியது ஆறாவதாக இருந்தால், முதல் ஐந்தையும் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர முடியும். ஜாப்ஸ் 'விஷுவல் வாய்ஸ்மெயில்' என்று பெயரைச் சொன்னார். அது என்ன என்று தானே கேட்டார். ஆனால் உடனே விளக்கத்துக்குப் போகவில்லை. ஆறாவதைக் கேட்க ஐந்தைக் கேட்க வேண்டியிராவிட்டால் நன்றாக இருக்குமே என்கிற பொருளில் ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் போட்டார். அதற்குப் பிறகே திரையில் பெயர்ப் பட்டியல் வந்தது. வேண்டிய பெயரைத் தொட்டார், குரல் ஒலித்தது.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் வித்தை முழுக்க இருக்கிறது. தினமும் பட்டுக்கொண்டிருந்தும் அதை ஒரு குறையாகவே யாரும் நினைக்காத ஒன்றை, எண்ணிக்கை வைத்துச் சொல்லிவிட்டார். 'வாய்ஸ்மெயில் சிரமமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். ஐந்து, ஆறு என்றதும் அவரவர் காதில் அவரவருடைய ஐந்து செய்திகள் ஓட ஆரம்பித்துவிடும். இதைச் செய்ய சிங்குலர் என்ற தொலைபேசி நிறுவனம் தன் நெட்வொர்க்கிலேயே வேலை பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெருமையை அவர் அங்கே சொல்லவில்லை, பின்னால் ஒத்தி வைத்தார். கை தட்டிய பிறகு சொன்னால் கேட்பார்கள். முன்னால் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

இன்னொரு இடம், போனைக் காட்டுவதற்கு முன்பே வருவது. அன்றைய ஸ்மார்ட்போன்கள் நான்கைத் திரையில் நிறுத்துகிறார். கீழே நாற்பது சதவீத இடத்தைப் பாருங்கள் என்கிறார். வேண்டுமோ வேண்டாமோ, பிளாஸ்டிக் பொத்தான்கள் அங்கே குந்தியிருக்கின்றன. ஆறு மாதம் கழித்து ஒரு நல்ல யோசனை வந்தால், விற்றுப்போன போனில் புதிதாக ஒரு பொத்தானை ஒட்ட முடியாது. சரி, பொத்தான்களைத் தூக்கிவிட்டு முழுக்கத் திரையாக்கலாம். அப்படியானால் எதைக் கொண்டு தொடுவது? மவுஸைச் சுமந்துகொண்டு திரிய முடியாது. குச்சி வைத்தால் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும், தொலைக்க வேண்டும். கடைசியில் விரல். ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்வியைப் பெற்றுப் போடுகிறது பாருங்கள், அதுதான் அழகு. மல்டி டச் என்ற சொல் வரும்போது அது அவருடைய கண்டுபிடிப்பாகத் தோன்றுவதில்லை. நாமே யோசித்து வந்து சேர்ந்த முடிவாகத் தோன்றுகிறது.

இந்தப் பாடத்தை நான் காணொளியில் கற்கவில்லை, மதுரையில் ஒரு மளிகை மொத்தக் கடையில் அடிபட்டுக் கற்றேன். லாகின் செய்து, சரக்கு மாஸ்டர், வரி மாஸ்டர், பில் என்று மெனு வரிசையில் இருபது நிமிஷம் காட்டினேன். மாதிரிக்கு 'ஏபிசி டிரேடர்ஸ்' என்று ஒரு வாடிக்கையாளர் வேறு. கடைக்கார அண்ணாச்சி பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எத்தனை மெனு இருக்குன்னு நான் கேக்கலையே. யாரு எவ்வளவு பாக்கி வச்சிருக்கான், அதைச் சொல்லுமா இது?" சொல்லும். ஏழாவது மெனுவுக்குள் கிடந்தது. அதற்குள் அவர் தராசுப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த கடையில் கணினியைத் திறக்கவே இல்லை. வசூலுக்கு ஆள் கிளம்பும்போது எந்த ஊருக்கு அனுப்புவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதலாளி கடன் நோட்டை எடுத்தார். புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். மூன்று பக்கத்தில் ஒரே பெயர். கூட்டிச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆயிற்று. அப்போதுதான் முப்பது நாளைத் தாண்டிய பாக்கிப் பட்டியலை ஊர்வாரியாகத் திறந்து காட்டினேன். மசாலா, பருப்பு, எண்ணெய் என்று அவர் சரக்கையே ஏற்றி வைத்திருந்தேன். "இந்தக் கணக்கை யாரு உக்காந்து ஏத்துறது?" என்றார். பில் போடும் திரைக்கு அதுதான் வாசல்: பில் போட்டாலே பாக்கி தானாக ஏறும். "விலை மாறினா?" என்றபோது மாஸ்டருக்குப் போனேன். முன்பு முதலில் காட்டியதெல்லாம் கடைசியில் வந்தது, அதுவும் அவர் கேட்டு வந்தது. உடைந்து திரும்பி வரும் மூட்டைக்குக் கழிவு போட வழி உண்டா என்றும் கேட்டார். அது எங்களிடம் இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

டெமோ தடம் மாறிவிட்டதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே அடையாளம்தான். "இது எதுக்கு?" என்று கேட்டால், பிரச்சினையைச் சொல்லாமல் வசதியைக் காட்டிவிட்டோம். "அப்ப இதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால், அடுத்த திரையை அவர்களே திறந்துவிட்டார்கள்.

ஜாப்ஸின் வரிசையில் இன்னொரு ரகசியமும் உண்டு; ஃபிரெட் வோகல்ஸ்டீன் என்ற பத்திரிகையாளர் பின்னால் எழுதினார். அன்று மேடையில் இருந்த போன் அரைவேக்காடு. மின்னஞ்சல் அனுப்பிவிட்டு இணையத்துக்குப் போனால் ஓடும். மாற்றிச் செய்தால் படுத்தாலும் படுத்துவிடும். பொறியாளர்கள் தட்டுத் தடுமாறி, படுக்காத ஒரு வரிசையைக் கண்டுபிடித்து அதற்குப் 'பொன் வழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நினைவகம் நிரம்பினால் மாற்றிக்கொள்ள மேடையில் பல போன்கள். சிக்னல் கோடுகள் எப்போதும் ஐந்து காட்டும்படி செய்திருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த பொறியாளர்கள் தங்கள் பகுதி விழாமல் முடிய முடிய ஒரு மடக்கு விஸ்கி குடித்தார்களாம். கடைசிக் காட்சியில் பாட்டு ஓடுகிறது, நண்பர் அழைக்கிறார், பாட்டு தானே அடங்குகிறது, பேச்சு நடுவே அவர் கேட்ட படம் மின்னஞ்சலில் போகிறது, போனை வைத்ததும் பாட்டு எழுகிறது. யாருக்கும் நடக்கும் ஒரு சாயங்காலம் மாதிரி இயல்பாக இருக்கும். அந்த இயல்பு அத்தனையும் கயிற்றின் மேல் நடந்தது. விழுந்திருந்தால் அவ்வளவு நேரம் சொன்ன பிரச்சினைகள் எல்லாம் அவர் தலையிலேயே விடிந்திருக்கும்.

ஆனாலும் எனக்குப் பிடித்த அந்த வாய்ஸ்மெயில் காட்சியை நம் ஊர் மேடையில் அப்படியே போட்டிருந்தால் ஒரு கைகூடத் தட்டியிருக்காது. 2008 ஆகஸ்டில் ஐபோன் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே வாய்ஸ்மெயில் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல நமக்கு ஒரு மிஸ்டு கால் போதுமாக இருந்தது.